கனாஷ் ஓடுகிறதா, திரிகிறதா, இறுகவில்லையா: அளவைச் சரிசெய்யும் வழி

கனாஷ் என்றால் சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்துக் கலக்குவது. பொருள் இரண்டுதான். அந்த இரண்டையே கேக்கின் ஓரத்தில் ட்ரிப்பாக வழியவிடுகிறோம், அடுக்குகளுக்கு நடுவே ஃபில்லிங்காகப் பூசுகிறோம், உருட்டி ட்ரஃபிளும் ஆக்குகிறோம். மூன்றுக்கும் பதம் வேறு. பாகு காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு கம்பிப் பதத்துக்கும் உருட்டுப் பதத்துக்கும் உள்ள தூரம் தெரியும். கனாஷிலும் அதே தூரம்தான், ஆனால் இங்கே பதத்தை அடுப்பு தீர்மானிப்பதில்லை. தராசு தீர்மானிக்கிறது.

எல்லா அளவையும் 100 கிராம் கிரீமுக்கு என்றே சொல்கிறேன். ஒன்றுக்கு இரண்டு என்று எழுதினால் எது ஒன்று, எது இரண்டு என்ற குழப்பம் வரும். ஒருவர் சாக்லேட்டை முன்னால் எழுதுவார், இன்னொருவர் கிரீமை. கப் அளவும் வேண்டாம். நறுக்கிய சாக்லேட் ஒரு கப் என்பது எவ்வளவு பொடியாக நறுக்கினோம் என்பதைப் பொறுத்து எடை மாறும்.

55 சதவீதக் கொக்கோ உள்ள டார்க் சாக்லேட்டும், நம் கடைகளில் பெட்டியில் கிடைக்கிற 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீமும் வைத்துக்கொண்டால், சென்னை மாதிரி ஊரில் ட்ரிப்புக்கு 120 கிராம் சாக்லேட், ஃபில்லிங்குக்கு 150, ட்ரஃபிளுக்கு 200 முதல் 220 வரை. வெளிநாட்டுக் குறிப்புகளில் ட்ரிப்புக்கு 100 என்று இருக்கும். அது 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீமையும், 20 டிகிரி வெப்பம் உள்ள அறையையும் மனதில் வைத்து எழுதியது. நம் கிரீமில் தண்ணீர் கூடுதல், நம் அறையில் சூடு கூடுதல். அந்த இரண்டையும் ஈடுகட்டத்தான் இந்தக் கூடுதல் சாக்லேட்.

இனி ஒவ்வொரு கோளாறாகப் பார்ப்போம். உங்கள் கிண்ணத்தில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

ட்ரிப் நிற்காமல் தட்டு வரைக்கும் ஓடுகிறது

என்னிடம் கேக் கற்றுக்கொண்ட ஒரு பெண் ஒரு மே மாதச் சாயங்காலம் போன் செய்தாள். "அக்கா, எல்லாம் போர்டுக்கு வந்துடுச்சு. சாக்லேட் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கணுமோ?" என்றாள். கனாஷ் செய்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். ஒரு மணி நேரமாக மேடையிலேயே ஆறவைத்திருக்கிறேன், அறை வெப்பத்துக்கு வந்துவிட்டது என்றாள்.

சிக்கலே அந்த 'அறை வெப்பம்' என்ற சொல்லில்தான். டார்க் ட்ரிப்பை ஊற்ற வேண்டிய வெப்பம் 30 முதல் 32 டிகிரி. அவளுடைய அடுக்களை அன்று 34 டிகிரி. கனாஷை மேடையில் ஒரு மணி நேரம் வைத்தாலும், மூன்று மணி நேரம் வைத்தாலும் அது 34-க்குக் கீழே இறங்கவே போவதில்லை. கொக்கோ வெண்ணெய் உருகும் சூடும் ஏறத்தாழ அதுதான், 33, 34 டிகிரி. அதாவது அவள் கிண்ணத்தில் இருந்த கொழுப்பு முழுக்க உருகிய நிலையிலேயே இருந்தது. அளவு சரியாக இருந்தும் ஓடியது அதனால்தான்.

எனவே முதலில் வெப்பத்தைப் பாருங்கள், அப்புறம் அளவைத் தொடுங்கள். ஒரு அகலமான பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் எடுத்து நாலைந்து ஐஸ் கட்டி போடுங்கள். கனாஷ் கிண்ணத்தை அதன் மேல் இறக்கி, ஸ்பேச்சுலாவால் ஓரத்தை வழித்து வழித்து நடுவே கொண்டுவாருங்கள். கலக்காமல் விட்டால் ஓரம் இறுகி நடு திரவமாக நிற்கும், பிறகு கட்டி கட்டியாக வரும். 200 கிராம் கனாஷுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். தெர்மாமீட்டர் இருந்தால் 31-ல் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சொட்டை உதட்டுக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, இதமாகவும் இருக்கக்கூடாது, லேசான குளிர்ச்சி தெரிய வேண்டும்.

கேக்கில் ஊற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்க என்னிடம் ஒரு எவர்சில்வர் டம்ளர் எப்போதும் ஃப்ரிட்ஜில் இருக்கும். அதை எடுத்து, வெளிப்புறத்தைத் துடைத்து, கவிழ்த்து வைத்து, விளிம்பில் அரை ஸ்பூன் கனாஷை விடுவேன். சொட்டு கீழே இறங்கும்போது அதன் நுனி உருண்டு திரண்டு, நாலைந்து சென்டிமீட்டரில் மெதுவாகி நின்றுவிட்டால் கேக்குக்குப் போகலாம். நுனி திரளாமல் மெல்லிய கோடாகத் தரைவரை ஓடினால் இன்னும் சூடு இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டரிலேயே மூட்டையாக நின்றால் ஆறிப்போய்விட்டது. அப்போது கிண்ணத்தை வெந்நீர் ஆவியில் பத்து விநாடி காட்டி மறுபடி சோதியுங்கள்.

31 டிகிரியில் இருந்தும் ஓடுகிறது என்றால்தான் அளவு குறைவு. அதைக் கணக்குப் போட்டே திருத்தலாம். 100 கிரீம், 100 சாக்லேட் என்று செய்த கனாஷ் கையில் 200 கிராம் இருக்கிறது. அதை 120 அளவுக்குக் கொண்டுவர 20 கிராம் சாக்லேட் வேண்டும், அவ்வளவே. பாதி செலவாகி 100 கிராம்தான் மீந்திருக்கிறது என்றால் அதில் கிரீம் 50 கிராம், சேர்க்க வேண்டியது 10. கனாஷை 40 டிகிரிக்குச் சூடாக்கி, சாக்லேட்டைப் பொடியாகச் சீவிப் போட்டு, முழுக்கக் கரைந்த பிறகு மறுபடி 31-க்கு இறக்குங்கள். கண்ணளவில் ஒரு பிடி அள்ளிப் போட்டால் ட்ரிப் தாண்டி ஃபில்லிங் பதத்துக்குப் போய்விடும்.

இந்த அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. வரவேற்பு மேடையில், விளக்குச் சூட்டில், 35 டிகிரியில் இரண்டு மணி நேரம் நிற்கப்போகிற கேக்குக்கு எந்த அளவில் செய்தாலும் உண்மையான கொக்கோ வெண்ணெய் உள்ள ட்ரிப் மிருதுவாகத்தான் செய்யும். அங்கே காம்பவுண்ட் சாக்லேட் உதவும். அதில் இருப்பது கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலான தாவரக் கொழுப்பு, சற்று அதிகச் சூடு தாங்கும். சாப்பிடும்போது நாக்கில் மெழுகு மாதிரி ஒரு படலம் ஒட்டும். ட்ரிப் கொஞ்சம்தானே என்று நான் அந்த இடத்தில் அதை ஏற்றுக்கொள்வேன். ட்ரஃபிளுக்கு ஒருபோதும் போடமாட்டேன்.

ட்ரிப் நன்றாக விழுந்தது, ஐந்து நிமிடத்தில் வழுக்கிக் கீழே வந்துவிட்டது

இது கனாஷின் குற்றமே இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து வந்த கேக் கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் வியர்க்கிறது. பட்டர்கிரீம் மேல் பனி மாதிரி நீர்த்துளி படிகிறது, ட்ரிப் அந்தத் தண்ணீரின் மேல் நிற்கிறது. விரலால் கேக்கின் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் இதுதான் காரணம். டிஷ்யூ வைத்து ஒற்றினால் பட்டர்கிரீமில் தடம் விழும். கேக்கை ஃப்ரிட்ஜுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, கனாஷை முழுக்கத் தயாராக்கி, பைப்பிங் பையில் நிரப்பி, டம்ளர் சோதனையும் முடித்த பிறகு கேக்கை வெளியே எடுங்கள். ஆறு அங்குலக் கேக்கைச் சுற்றி ட்ரிப் விட இரண்டு நிமிடம் ஆகும். முடித்ததும் உடனே உள்ளே. ஏசி அறை இருந்தால் இந்த அவசரம் பாதியாகக் குறையும்.

ஃபில்லிங் பிதுங்குகிறது, மேல் அடுக்கு நகர்கிறது

ஃபில்லிங் விஷயத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு, கனாஷ் செய்த அன்றைக்கே கேக்கை அடுக்குவது. சாக்லேட்டின் கொழுப்பு இறுகுவது தண்ணீர் ஐஸ் ஆவதுபோல் சட்டென்று நடப்பதில்லை. கனாஷ் ஆறிய பிறகும் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிகமாகிக்கொண்டே போகும், பல மணி நேரம் எடுக்கும். இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் இளகலாக இருக்கும் அதே கனாஷ், அடுத்த நாள் காலையில் வெண்ணெய் மாதிரிப் பூச வரும். அதனால் முதல் நாள் இரவே செய்து, கனாஷின் முகத்தோடு ஒட்டும்படி கிளிங் ஃபிலிம் மூடி வையுங்கள். ஏசி அறை என்றால் அங்கேயே வைக்கலாம். இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் வைத்து, அடுக்குவதற்கு முன்பு வெளியே எடுத்துப் பூசும் பதத்துக்கு வரவிடுங்கள். கிரீம் சேர்ந்த பொருள் என்பதால் நம் வெயிலில் இரவு முழுக்க மேடையில் விடுவது கூடாது.

பதம் வந்ததா என்று பார்க்க ஒரு ஸ்பூனால் நடுவில் குழி எடுங்கள். குழியின் கரை அப்படியே நிற்க வேண்டும். மெல்லச் சரிந்து மூடிக்கொண்டால், அதன் மேல் ஒரு கேக் அடுக்கின் பாரத்தை வைக்க முடியாது.

ஒரு இரவு தாண்டியும் குழி மூடுகிறது என்றால் அளவைத் திருத்த வேண்டியதுதான். பெரும்பாலும் 25 சதவீதக் கிரீமில் 100-க்கு 100 போட்டிருப்பீர்கள். மேலே சொன்ன கணக்கே: 200 கிராம் கனாஷை 150 அளவுக்கு ஏற்ற 50 கிராம் சாக்லேட். இம்முறை சாக்லேட்டைத் தனியாக உருக்கி, கனாஷையும் 40 டிகிரிக்குக் கொண்டுவந்து, இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது சேருங்கள். குளிர்ந்த கனாஷில் உருகிய சாக்லேட்டை ஊற்றினால் அது தொட்ட இடத்திலேயே உறைந்து துகள் துகளாக நிற்கும். பிறகு இன்னொரு இரவு காத்திருக்க வேண்டும். அன்றைக்கே கேக் போக வேண்டும் என்றால், அடுக்கின் ஓரத்தில் கெட்டியான பட்டர்கிரீமால் வரப்பு கட்டி, அதற்குள் கனாஷைத் தேக்குங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் தேக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வெயிலுக்குப் பயந்து ஃபில்லிங்கையே 200 அளவில் செய்துவிடுவார்கள். வெட்டும்போது கத்தி ஸ்பாஞ்சை நசுக்கிவிட்டு, ஃபில்லிங் மட்டும் பலகை மாதிரி பிளந்து வரும். கேக்கை ஃப்ரிட்ஜிலிருந்து நேராகப் பரிமாறுகிறார்கள் என்று தெரிந்தால் 130-க்கு மேல் போகாதீர்கள். சாப்பிடும் நேரத்துச் சூடுதான் கணக்கு, செய்யும் நேரத்துச் சூடு அல்ல.

எண்ணெய் பிரிந்து, திரிந்த பால் போல் நிற்கிறது

நம் சமையலில் குழம்பு எண்ணெய் பிரிந்து வந்தால் வெந்துவிட்டது என்று அடுப்பை அணைக்கிறோம். கனாஷில் எண்ணெய் பிரிந்தால் கட்டுக்கோப்பு உடைந்துவிட்டது என்று பொருள். கிண்ணத்தின் விளிம்பில் மஞ்சளாக ஒரு எண்ணெய்க் கோடு தெரியும். நடுவில் இருப்பது பளபளப்பு இழந்து, ரவை கலந்த மாதிரி இருக்கும். ஸ்பேச்சுலாவைத் தூக்கினால் பட்டையாக வழியாமல் பிய்ந்து பிய்ந்து விழும்.

ஏன் இப்படி ஆகிறது? கிரீமில் இருக்கும் தண்ணீருக்குள்ளே கொழுப்பு நுண்ணிய துளிகளாகப் பிரிந்து மிதப்பதுதான் கனாஷ். துளி ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறவரை அவை ஒன்றோடொன்று சேராது. கொழுப்பு கூடக் கூட, அதே தண்ணீரில் நெருக்கம் கூடுகிறது. ஒரு கட்டத்தில் துளிகள் முட்டிக்கொண்டு ஒன்றுசேர்ந்து எண்ணெயாக மேலே வந்துவிடும். ஆக, திரிந்த கனாஷுக்கு வேண்டியது பெரும்பாலும் தண்ணீர். சாக்லேட்டில் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும்.

எனக்கு இது புரிந்தது ட்ரஃபிளில்தான். வருடக்கணக்காக 150 கிராம் ஃப்ரெஷ் கிரீம், 300 கிராம் 55 சதவீத சாக்லேட் என்று செய்துகொண்டிருந்தேன், ஒரு நாளும் திரிந்ததில்லை. ஒரு தீபாவளி ஆர்டருக்கு நல்ல பொருளாகப் போடலாம் என்று 70 சதவீத சாக்லேட்டும் 35 சதவீதக் கொழுப்புள்ள பால் கிரீமும் வாங்கினேன். அளவு அதே 150, 300. செய்முறையும் அதே. கலக்கிக்கொண்டிருக்கும்போதே கண்ணெதிரே எண்ணெய் விட்டது.

பாக்கெட்டுகளின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு கொழுப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். அதை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். பழைய சாக்லேட்டில் 34, புதியதில் 42. பழைய முறையில் சாக்லேட்டிலிருந்து 102 கிராம் கொழுப்பு, கிரீமிலிருந்து 37, மொத்தம் சுமார் 140. 25 சதவீதக் கிரீமில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் தண்ணீர், ஆக 150 கிராமில் சுமார் 100. புதிய முறையில் சாக்லேட்டிலிருந்து 126, கிரீமிலிருந்து 52, மொத்தம் சுமார் 180. 35 சதவீதக் கிரீமில் தண்ணீர் அறுபது சதவீதம்தான், ஆக சுமார் 90. கொழுப்பு நாற்பது கிராம் ஏறியது, தண்ணீர் பத்து கிராம் இறங்கியது. தண்ணீரைப்போல் இரண்டு மடங்கு கொழுப்பு! இரண்டு பொருளும் தனித்தனியே உயர்ந்தவை. இரண்டையும் பழைய அளவில் சேர்த்ததுதான் தவறு.

அன்றிலிருந்து என் கைக்கணக்கு இது: டார்க் சாக்லேட்டில் கொழுப்பு தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் நிம்மதியாகக் கலக்கலாம். இரண்டு மடங்கை நெருங்கினால் திரியும் என்று எதிர்பார்க்க வேண்டும். என் கிண்ணத்தில் 180 கிராம் கொழுப்புக்குத் தண்ணீர் 110 கிராமாவது வேண்டும், இருப்பது 90. பால் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான். 25 கிராம் பால் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். அந்த 450 கிராம் கனாஷை மீட்டது 25 கிராம் பால், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு.

சேர்க்கும் விதம் முக்கியம். முதலில் கனாஷின் சூட்டைப் பாருங்கள். 50 டிகிரிக்கு மேல் இருந்தால் சும்மா வைத்து 40-க்கு இறங்கவிடுங்கள். சூடு அதிகமாக இருந்ததாலேயே பிரிந்திருந்தால், ஆறும்போது மெல்லக் கலக்கினாலே சில சமயம் கூடிவிடும். 30-க்குக் கீழே போயிருந்தால் வெந்நீர் மேல் வைத்து 40-க்கு ஏற்றுங்கள். பாலையும் 40 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்குங்கள். சுத்தமான இன்னொரு கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டிப் பாலை விட்டு, திரிந்த கனாஷில் ஒரு கரண்டி எடுத்து அதில் போட்டு, நடுவில் சிறு வட்டமாக வேகமாகக் கலக்குங்கள். அந்தச் சிறு பங்கு பளபளவென்று இழுபடும்படி ஆகும், கண்ணுக்கே தெரியும். ஆன பிறகு அடுத்த கரண்டி. மீதிப் பாலை இடையிடையே ஒரு ஸ்பூனாக விடுங்கள். பாதி கனாஷ் கூடிவிட்டால் மிச்சம் தானாகவே சேர்ந்துகொள்ளும். ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் வேலை சுலபம், ஆனால் கத்தி கனாஷுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். மேலே வந்தால் காற்றுக் குமிழி ஏறும்.

கிரீமையே இன்னும் கொஞ்சம் விட்டால் என்ன என்று கேட்பார்கள். விடலாம், ஆனால் அதோடு கொழுப்பும் சேர்ந்தே வரும் என்பதால் அதிக அளவு தேவைப்படும், ட்ரஃபிள் இளகிவிடும். பால் குறைந்த அளவிலேயே வேலையை முடிக்கும்.

திரிதலையும் இறுகிப்போவதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாக்லேட்டைத் தனியாக உருக்கும்போது ஆவியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து, மொத்தமும் களிமண் மாதிரி கட்டிப்போனால் அது இறுகுதல். அங்கே எண்ணெய் பிரியாது, கரண்டி அசையாது. அது கனாஷுக்கென்று வைத்த சாக்லேட் என்றால் கவலையில்லை. சூடான கிரீமை முழு அளவும் ஊற்றிக் கலக்குங்கள், வழக்கம்போல் கரைந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரில் சர்க்கரையும் கொக்கோத் துகளும் ஒட்டிக்கொள்கின்றன, நிறையத் தண்ணீரில் விட்டுவிடுகின்றன.

ட்ரஃபிள் உருட்டும்போது கையோடு வருகிறது

உள்ளங்கைச் சூடு கொக்கோ வெண்ணெயை இளக்கப் போதுமானது. ஆகவே 200 அளவில் சரியாகச் செய்த கனாஷும் கையில் ஒட்டத்தான் செய்யும். அளவில் கோளாறா, கையில் கோளாறா என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கனாஷில் கத்தியை இறக்குங்கள். சப்பாத்தி மாவை வெட்டுவதுபோல் முகம் சுத்தமாக வந்தால் அளவு சரி. கத்தியில் இழுபட்டுத் தடவியது மாதிரி ஒட்டினால் சாக்லேட் போதவில்லை. 40 டிகிரிக்குச் சூடாக்கி, 100 கிராம் கிரீமுக்கு 20 கிராம் வீதம் சேர்த்து மறுபடி இரவு வையுங்கள்.

அளவு சரியாக இருந்தால் உருட்டுவதை இரண்டு தடவையாகப் பிரியுங்கள். முதலில் ஸ்பூனால் பத்துப் பன்னிரண்டு கிராம் அளவில் கிள்ளி, உருவம் பார்க்காமல் தட்டில் போட்டு, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு கையுறை போட்டு, விரல்களில் கொக்கோ பவுடர் தடவி, ஒவ்வொன்றையும் மூன்றே உருட்டில் முடியுங்கள். லட்டு பிடிக்கிற மாதிரி அழுத்தி அழுத்தி உருட்டினால் வெளிப்பக்கம் உருகிவிடும். ஒரு தடவைக்குப் பத்து உருண்டைக்கு மேல் வெளியே எடுக்காதீர்கள்.

மேலே தூவிய கொக்கோ பவுடர் மறுநாள் ஈரமாகி, கறுத்த திட்டாகத் தெரிகிறது என்றால் அது டப்பாவைத் திறந்த நேரத்துக் கோளாறு. குளிர்ந்த ட்ரஃபிள் மேல் வெளிக்காற்றின் ஈரம் படிந்திருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்தபின் இருபது நிமிடம் மூடியைத் திறக்காமல் விடுங்கள். ஈரம் டப்பாவின் மேல் படியும், உள்ளே போகாது.

நேற்று வழவழப்பாக இருந்தது, இன்று நறநறக்கிறது

நாக்கில் வைத்துப் பாருங்கள். வாய்ச்சூட்டில் அந்தத் துகள் கரைந்துவிட்டால் அது கொழுப்புப் படிகம். கனாஷ் பாதி இறுகிய நிலையில் அடிக்கடி கலக்கியிருப்பீர்கள், அல்லது விஸ்க் செய்யும்போது கொஞ்சம் அதிகம் அடித்திருப்பீர்கள். மொத்தத்தையும் 40 டிகிரிக்குச் சூடாக்கி, வழவழப்பானதும் கலக்காமல் ஆறவிட்டால் போதும். அடித்த கனாஷாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உருக்கி மீதியில் மடித்துக் கலந்து பாருங்கள், பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். வாயில் கரையாமல் பல்லில் கடிபட்டால் அது கரையாத சாக்லேட். கிரீம் போதுமான சூடு இல்லை, அல்லது சாக்லேட்டைப் பெரிதாக நறுக்கியிருக்கிறீர்கள். சூடாக்கிச் சல்லடையில் வடித்துவிடுங்கள்.

வெள்ளைச் சாக்லேட்டில் மட்டும் எதுவும் ஒத்துவரவில்லை

வெள்ளைச் சாக்லேட்டில் கொக்கோத் துகளே கிடையாது. டார்க் சாக்லேட்டில் தண்ணீரை உறிஞ்சிக் கெட்டிப்படுத்துவது அந்தத் துகள்தான். அது இல்லாததால் கெட்டியாக்க ஒரே வழி இன்னும் அதிகச் சாக்லேட். ட்ரிப்புக்கு 280, ஃபில்லிங்குக்கு 300, ட்ரஃபிளுக்கு 350. பால் சாக்லேட் நடுவில் நிற்கும். டார்க் அளவைப்போல் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு.

இப்படி அளவு ஏறும்போது கொழுப்பும் தண்ணீரைப்போல் இரண்டு மடங்கை நெருங்கிவிடுகிறது, ட்ரஃபிளில் தாண்டியும் விடுகிறது. நான் டார்க்குக்குச் சொன்ன கைக்கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. வெள்ளைச் சாக்லேட்டில் உள்ள பால் பொடி கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஆனாலும் அது எப்போதும் விளிம்பில் நிற்கிற கனாஷ். கொதிக்கும் கிரீமை அதில் ஊற்றாதீர்கள். சாக்லேட்டைப் பாதி உருகும்வரை வெந்நீர் மேல் தனியாக இளக்கி, கிரீமைக் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்து மூன்று பங்காகச் சேருங்கள். 45 டிகிரியைத் தாண்டவிட்டால் எண்ணெய் விடும், அதற்கும் மேலே போனால் பால் பொடி கருகிக் கட்டிபிடிக்கும். கருகியதை மீட்க முடியாது.

கலர் ட்ரிப்புக்கு ஜெல் கலர் போட்டால் இறுகிவிடுமா என்று கேட்கிறவர்கள் பலர். தனியாக உருக்கிய சாக்லேட்டில் இறுகும். கனாஷில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது, நாலு சொட்டு ஜெல் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வெள்ளைச் சாக்லேட்டின் மஞ்சள் சாயல் நீலத்தைப் பச்சையாக்கிவிடும். முதலில் வெள்ளைக் கலர் ஒரு சொட்டு விட்டு மஞ்சளை மறைத்துவிட்டு, அப்புறம் நீலத்தைச் சேருங்கள்.